கதவு சரியா சாத்தலன்னா முதல்ல வாசக்கால் நிலவைப் பாருங்க: தூக்கு, சந்து, ஃப்ளஷ் டோர் வளையுறது

அக்கா வீடு ஏற்காட்டுல நாகலூர் போற ரோட்டுல இருக்கு. சித்திரை மாசம் சேலத்துல நல்ல வெயில்ல கதவு எல்லாம் வாங்கி, வண்டில ஏத்தி 20 கொண்டை ஊசி வளைவும் சுத்தி மேல கொண்டு போய் மாட்டுனாங்க. ஐப்பசி மழை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல மாமா போன் பண்ணாரு. "மாப்ள, பெட்ரூம் கதவு தானா தொறந்துக்குது, பாத்ரூம் கதவு தோள வச்சு தள்ளுனாதான் லாக் விழுது, கடைக்காரன் மட்டமான கதவை குடுத்துட்டான் போல"ன்னாரு. போய் பாத்தா ரெண்டு கதவும் ஒரே கடையில வாங்குன ஒரே ரகம்தான், ஆனா ரெண்டுக்கும் வியாதி வேற வேற. பெட்ரூம் கதவுல கதவு மேல தப்பே இல்ல, நிலவுல தப்பு. பாத்ரூம்ல நிலவு அருமையா நிக்குது, கதவு வளைஞ்சிருச்சு. இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்க தெரிஞ்சா போதும், வீடு கட்டுறவங்களுக்கு கதவு விஷயத்துல பாதி தலைவலி கொறஞ்சிரும், அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல ரெண்டு மூணு வார்த்தை. நிலவுன்னா வாசக்கால், ரெண்டு குத்துக்கால், மேல ஒரு சட்டம். கதவு வந்து உக்கார்றதுக்காக நிலவுல ஒரு வெட்டு எடுத்திருப்பாங்க இல்ல, அது காடி. நூல்னா ஆசாரிங்க கணக்குல ஒரு இஞ்சுல எட்டுல ஒரு பாகம், சுமாரா 3 மி.மீ. கதவு வேலை முழுக்க நூல் கணக்குலதான் ஓடும், அதனால நானும் அப்படியே சொல்றேன்.

பெட்ரூம் கதவை பாதி தொறந்து வச்சு கைய எடுத்தேன், மெதுவா ரூமுக்குள்ள போய் செவுத்துல சாஞ்சு நின்னுக்குச்சு. ஏன் அப்படி ஆகுதுன்னா, கதவு கீல்ல தொங்குற ஒரு கனமான பலகை, கீல் மூணும் ஒரே நேர்கோட்டுல செங்குத்தா இருந்தா எந்த இடத்துல விட்டாலும் அங்கயே நிக்கும். அந்தக் கோடு கொஞ்சம் சாஞ்சிருந்தா, மேல் நுனி எந்தப் பக்கம் சாயுதோ கதவும் அந்தப் பக்கமே ஓடும், தண்ணி பள்ளத்துக்கு ஓடுற மாதிரி. ரூமுக்குள்ள தொறக்குற கதவு தானா தொறந்துக்குச்சுன்னா கீல் பக்க காலோட மேல் நுனி ரூம் பக்கமா சாஞ்சிருக்குன்னு அர்த்தம், தானா சாத்திக்குச்சுன்னா வெளிப்பக்கமா சாஞ்சிருக்கு, இல்லன்னா லாக் பக்கமா சாஞ்சிருக்கு. சில பேர் கீலோட கம்பிய கழட்டி சுத்தியில ஒரு தட்டு தட்டி லேசா வளைச்சு மாட்டிருவாங்க, கதவு இறுக்கமாகி நிக்கும்தான், ஆனா கீல் தேஞ்சு ஆறு மாசத்துல கிறீச்சுன்னு சத்தம் வரும், சாய்வு அப்படியேதான் இருக்கும்.

தூக்கு பாக்குறத, அதாவது கால் செங்குத்தா நிக்குதான்னு பாக்குறத, நெறைய பேர் அரைகுறையா செய்யுறாங்க. ரசமட்டத்தை ஒரு இடத்துல வச்சு குமிழி நடுவுல இருக்கு சரின்னு போயிருவாங்க, ஒரு அடி ரசமட்டம் ஏழடி காலுக்கு பத்தாது, மரம் நடுவுல வயிறு தள்ளியிருந்தா அது சொல்லாது. தூக்குக்குண்டுதான் நம்பிக்கை. குண்டு கூட ஒரு சின்ன கட்டை வரும் பாருங்க, அதோட அகலமும் குண்டோட அகலமும் ஒன்னு, நூல் கட்டையோட நடுவுல ஓட்டை வழியா போகும். கட்டைய நிலவோட மேல் நுனியில அழுத்திப் பிடிச்சு குண்டை தரைக்கு நாலு விரக்கடை மேல வரைக்கும் எறக்கி விடணும், ஆடுறது அடங்குற வரைக்கும் காத்திருக்கணும், ஏற்காட்டுல ஜன்னல் மாட்டாத வீடுன்னா காத்து வேற அடிக்கும், அவசரப்பட்டா தப்பாதான் வரும். குண்டு மரத்தை தொட்டும் தொடாம நின்னா தூக்கு சரி. மரத்தை விட்டு தள்ளி தொங்குனா மேல்பக்கம் நம்மள பாத்து சாஞ்சிருக்கு, குண்டு மரத்துல சாஞ்சு நூல் வளைஞ்சா கீழ்பக்கம் வெளிய வந்திருக்கு. இதை ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு முகத்துல பாக்கணும், ரூமை பாக்குற முகம் ஒன்னு, கதவு உக்கார்ற காடி இருக்குற உள்முகம் ஒன்னு. ஆக மொத்தம் நாலு தடவை. ஏழடிக்கு ஒரு நூலுக்குள்ள இருந்தா விட்டுரலாம், அதுக்கு மேலன்னா நான் விடமாட்டேன்.

அக்கா வீட்ல கீல் பக்க காலுக்கு ரூம் முகத்துல குண்டு சரியா ரெண்டு நூல் தள்ளி தொங்குச்சு. லாக் பக்க கால் சுத்தமா தூக்கு. அப்ப என்ன ஆகுது, ரெண்டு காலும் ஒரே தளத்துல இல்ல, நிலவு முறுக்கிக்கிட்டு நிக்குது. நேரான கதவை முறுக்குன நிலவுல சாத்துனா ஒரு மூலை மட்டும் ஒட்டாது. இங்க கதவோட லாக் பக்கம் கீழ காடியில போய் முட்டிருச்சு, மேல் மூலை ரூம் பக்கமா ரெண்டு நூல் வெளிய நின்னுச்சு. இதைப் பாத்துதான் மாமா கதவு வளைஞ்சிருச்சுன்னு நினைச்சிட்டாரு.

முறுக்கை நேராவே பாக்க ஒரு வழி இருக்கு, நிலவு வைக்கும்போதே செய்யணும். நிலவோட ஒரே முகத்துல மேல் இடது மூலையிலேர்ந்து கீழ் வலது மூலைக்கு ஒரு நூல் கயிறு, மேல் வலதுலேர்ந்து கீழ் இடதுக்கு இன்னொரு நூல், நல்லா இழுத்து ஆணில கட்டுங்க. ரெண்டும் நடுவுல குறுக்க போற இடத்துல ஒன்னை ஒன்னு முத்தம் குடுக்குற மாதிரி தொட்டும் தொடாம இருந்தா தளம் சரி. நடுவுல இடைவெளி இருந்தா முறுக்கு இருக்கு, அந்த இடைவெளிக்கு ரெண்டு மடங்கு ஒரு மூலை வெளிய நிக்குதுன்னு கணக்கு. ஒரு நூல் இடைவெளின்னா மூலை ரெண்டு நூல். ஒன்னு கவனிங்க, ஒரு நூல் கயிறு இன்னொன்ன அழுத்திக்கிட்டு இருந்தாலும் தொடுற மாதிரிதான் தெரியும், அதனால மேல இருக்குற நூலை அவுத்து அடியில விட்டு இன்னொரு தடவை பாத்துருங்க. மூலைக்கு மூலை டேப் புடிச்சு அளந்து ரெண்டும் ஒன்னா இருக்குன்னு காட்டுவாங்க, அது மூலைமட்டம் சரியான்னு மட்டும்தான் சொல்லும், முறுக்கை சொல்லவே சொல்லாது. ரெண்டும் வேற வேற சோதனை, ரெண்டும் வேணும்.

எப்படி சாஞ்சுச்சுன்னு கேட்டா, கொத்தனார் நிலவை நிறுத்தி ஒரே ஒரு கட்டைய முட்டு குடுத்துட்டு, நிலவை செவுத்தோட புடிச்சு வைக்கிற இரும்புப் பட்டையான ஹோல்டு பாஸ்டுக்கு ஜல்லி கலவை போட்டிருக்காரு, அன்னிக்கு சாயங்காலமே மேல பூச்சு வேலைக்கு சாரப்பலகைய அந்த நிலவு மேலயே சாத்தி வச்சிருக்காங்க. கலவை இறுகுறதுக்குள்ள இழுத்துருச்சு. ஒவ்வொரு காலுக்கும் மூணு ஹோல்டு பாஸ்ட், மேலயும் கீழயும் ஒரு அடி விட்டு ஒன்னு ஒன்னு, நடுவுல ஒன்னு, ரெண்டு பக்கமும் முட்டு, ரூமுக்குள்ள ஒன்னு வெளிய ஒன்னு. ரெண்டு மூணு நாளைக்கு நிலவு மேல யாரும் எதுவும் சாத்தக்கூடாது. இன்னொன்னு, ரெண்டு காலுக்கு நடுவுல கீழயும் மத்தியிலயும் ரீப்பர் கட்டை அடிச்சிருக்கணும், மேல் சட்டத்துல கால் இடைவெளி எவ்வளவோ அதே நீளத்துக்கு வெட்டி. செங்கல் வச்சு கலவை இடிக்கும்போது கால் உள்ள அமுங்கும், நடுவுல மட்டும் ரெண்டு நூல் கொறஞ்சு போன நிலவு எத்தனையோ பாத்திருக்கேன், அப்புறம் ஆசாரி கதவைத்தான் நடுவுல செதுக்குவாரு. செவுரு கட்டி முடிச்ச பிறகு நிலவு மாட்டுறதா இருந்தா ஆங்கர் ஸ்க்ரூ போடுற அதே இடத்துல பின்னாடி ஆப்பு இருக்கணும், ஆப்பு ஒரு இடம் ஸ்க்ரூ ஒரு இடம்னா ஸ்க்ரூ இறுக்க இறுக்க மரம் செவுத்தை நோக்கி வளையும்.

சாஞ்ச நிலவை இப்ப என்ன பண்றது? ஒடச்சு எடுக்குறதுதான் முறை, ஆனா பூச்சு, டைல்ஸ், பெயின்ட் எல்லாம் முடிஞ்ச வீடு. ரெண்டு நூல்ங்கறதால கீல்லயே சரி பண்ணோம். காடி 35 மி.மீ அகலம், கதவு 32 மி.மீ கனம், அதனால கதவுக்குப் பின்னாடி ஒரு நூல் சும்மா இருந்துச்சு. மேல் கீலை ஒரு நூல் காடிக்குள்ள தள்ளி, கீழ் கீலை ஒரு நூல் ரூம் பக்கமா வெளிய இழுத்து, நடு கீலை அப்படியே விட்டு மாட்டுனோம். பாருங்க, கால் சாஞ்சேதான் இருக்கு, ஆனா கீல் மூணும் இப்ப செங்குத்து கோட்டுல வந்துருச்சு, கதவு விட்ட இடத்துல நிக்குது, லாக் பக்க மேல் மூலையும் காடியில போய் உக்காந்துருச்சு. கதவு முகம் நிலவு முகத்தோட மேல ஒரு நூல் உள்ளயும் கீழ ஒரு நூல் வெளியவும் தெரியும், உத்துப் பாத்தாதான். மனசுல வச்சுக்க வேண்டியது இதுதான்: லாக் பக்கம் மேல் மூலை ஒட்டாம வெளிய நின்னா கீழ் கீலை வெளிய எடுக்கணும், கீழ் மூலை வெளிய நின்னா மேல் கீலை வெளிய எடுக்கணும். நாலு நூல் அஞ்சு நூல் முறுக்குன்னா இந்த வித்தை ஆகாது, அசிங்கமா தெரியும், நிலவைத்தான் எடுக்கணும்.

சந்து கணக்குக்கு வர்றேன். அதே பெட்ரூம் நிலவு வெளியளவு மூணடி அகலம், கால் ரெண்டரை இஞ்சு, காடி அரை இஞ்சு ஆழம். 36 இஞ்சுல ரெண்டு காலுக்கு 5 போக 31, ரெண்டு பக்க காடிக்கு 1 சேர்த்தா காடிக்கு காடி 32 இஞ்சு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் சந்து விட்டா கதவு 31¾ இஞ்சு. உயரத்துக்கு, டைல்ஸ் போட்டு முடிஞ்ச தரையிலேர்ந்து மேல் காடி வரைக்கும் 82 இஞ்சு, மேல ஒரு நூல், கீழ ரெண்டு நூல் விட்டு 81⅝ இஞ்சு. அந்த 32-ஐ ஒரே இடத்துல அளந்துட்டு கதவை அறுக்காதீங்க, மேல, நடு, கீழ மூணு இடத்துல அளந்து சின்னதை எடுங்க. தரைக்கு டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடியே கதவு மாட்டணும்னா டியூப் லெவல் வச்சு செவுத்துல கோடு அடிச்சு, முடிஞ்ச தரை எங்க வரும்னு பாத்துட்டுதான் அளவு எடுக்கணும், இல்லன்னா பின்னாடி கதவோட அடிய அறுக்க வேண்டி வரும், அது ஏன் ஆபத்துன்னு கீழ சொல்றேன்.

மாட்டும்போது மேலயும் லாக் பக்கமும் டைல்ஸுக்கு வைக்கிற 3 மி.மீ ஸ்பேசரை சொருகிப் பாருங்க, எல்லா இடத்துலயும் லேசா உள்ள போய் வந்தா போதும். நல்ல கோடை வெயில்ல சேலத்துலேர்ந்து கொண்டு போய் மலையில மாட்டுறீங்கன்னா லாக் பக்கம் 4 மி.மீ விடலாம், ஏன்னா பனியிலயும் மழையிலயும் கதவோட ஓர மரக்கட்டையும் நிலவும் ரெண்டுமே ஊதும், பெயின்ட் வேற மேல ஏறும். லாக் பக்க விளிம்பை நேரா விடாம, காடிப் பக்கமா அரை நூல் சாய்ச்சு இழைக்கணும். கதவு சுத்தும்போது அந்த உள் மூலைதான் கீல்லேர்ந்து ரொம்ப தூரத்துல இருக்கு, அது முதல்ல உரசும், சாய்ச்சு விட்டா சந்தை பெருசாக்காமயே உரசல் நிக்கும். கீல் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு ஆழம்தான் உளில வெட்டணும். அதிகமா வெட்டிட்டா கதவு கீல் பக்கமே முதல்ல முட்டி, சாத்துனா ஸ்ப்ரிங் மாதிரி எதிர்த்து வரும், லாக் பக்கம் சந்து பெருசா தெரியும். அதுக்கு மருந்து, கீலுக்கு அடியில அட்டைத் துண்டு. இழைப்புளிய எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, இழைச்சது திரும்ப வராது.

இப்ப பாத்ரூம் கதவு. நிலவை தூக்கு பாத்தேன், குறுக்கு நூல் பாத்தேன், குத்தமே இல்ல. கதவோட லாக் பக்க ஓரத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் நூல் புடிச்சேன், நடுவுல மூணு நூல் வித்தியாசம். கதவு பாத்ரூமுக்குள்ள தொறக்குறது, சாத்துனா மேல் மூலையும் கீழ் மூலையும் காடியில முட்டிருது, நடுவுல லாக் இருக்குற இடம் மட்டும் பாத்ரூம் பக்கமா துருத்திக்கிட்டு நிக்குது. ஒரே ஒரு மூலை ஒட்டலன்னா நிலவை சந்தேகப்படுங்க, நடுவுல வயிறு இல்ல குழின்னா கதவை சந்தேகப்படுங்க, நூல் வச்சுப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க.

ஏன் வளைஞ்சுச்சு? ஹால் பக்கம் அழகுக்கு லாமினேட் ஒட்டியிருந்தாங்க. பாத்ரூம் பக்கம் "யாரு பாக்கப் போறா"ன்னு ப்ரைமர் ஒரு கோட்டு, மேல ஒரு கை பெயின்ட். ஃப்ளஷ் டோர்ங்கறது நடுவுல கட்டைங்கள அடுக்கி, ரெண்டு பக்கமும் ப்ளை ஒட்டி அழுத்துனது. ரெண்டு முகமும் ஒன்னை ஒன்னு இழுத்துப் புடிச்சிருக்கறதாலதான் அது நேரா இருக்கு, கயிறு இழுக்குற போட்டியில ரெண்டு பக்கமும் சம பலம் மாதிரி. மரம் ஈரம் குடிச்சா நீளும், காஞ்சா சுருங்கும். லாமினேட் ஒட்டுன முகம் ஈரத்தை உள்ள விடாது, பாத்ரூம் முகம் வெந்நி ஆவியையும் ஏற்காட்டு மழைக்கால ஈரக்காத்தையும் குடிச்சிக்கிட்டே இருந்துச்சு. குடிச்ச முகம் நீண்டு வெளிய வயிறு தள்ளுச்சு, மறுமுகம் அப்படியே நின்னுச்சு. சித்திரையில காஞ்சு போய் மேல வந்த கதவு, குடிக்க நெறைய இடம் இருந்துருக்கு. கடைக்காரர் மேல தப்பே இல்ல, அவர் குடுத்ததுல ஐ.எஸ். 2202 முத்திரை இருந்துச்சு, ஃப்ளஷ் டோருக்கான தரம் அதுதான்.

அதனால ஒரு முகத்துக்கு என்ன செய்யுறமோ மறுமுகத்துக்கும் அதையே செய்யணும். ஒரு பக்கம் லாமினேட்னா மறுபக்கமும் லாமினேட், கலர் எதுவா வேணா இருக்கட்டும், விலை கொறஞ்ச வெள்ளை கூட ஓகே, ஆனா கிட்டத்தட்ட அதே கனம். பெயின்ட்னா ரெண்டு பக்கமும் அதே எண்ணிக்கை கோட்டு, ஒரு பக்கம் இன்னிக்கு மறுபக்கம் அடுத்த மாசம்னு விடாம அடுத்தடுத்து முடிச்சிருங்க. கதவுக்கு மொத்தம் ஆறு பக்கம். மேல் விளிம்பு, அடி விளிம்பு, கீல் வெட்டு, லாக்குக்கு போட்ட ஓட்டை, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுன்னு பெயின்டர் விட்டுருவாரு, ஆனா பாத்ரூம் தரைத் தண்ணிய கதவு குடிக்கிறது அடி விளிம்பு வழியாத்தான். கண்ணாடிய அடியில வச்சுப் பாருங்க, வெறும் மரம் தெரிஞ்சா வேலை முடியல. டைல்ஸ் போட்டு முடிச்சு கடைசியா அடிய அறுக்குறது ஆபத்துன்னு சொன்னது இதுக்குத்தான், பூசின பூச்செல்லாம் போயிரும், ரொம்ப அறுத்தா ஓரமா ஒட்டியிருக்குற பட்டைக் கட்டையும் போய் நடு அடுக்கே வெளிய தெரியும். அறுத்தே ஆகணும்னா பட்டைக் கட்டை மிச்சம் இருக்குற அளவுக்குள்ள அறுத்து, கதவைக் கழட்டி அடிய திரும்ப ரெண்டு கோட்டு பூசி அப்புறம் மாட்டுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடியும் கதவு வளையும். வாங்கிட்டு வந்து செவுத்துல சாச்சு வைக்கிறதுதான் பழக்கம், ஒரு மாசம் அப்படியே சாஞ்சு நின்னா அதோட கனத்துலயே தொய்ஞ்சிரும், செவுரு பாத்த முகத்துக்கு காத்து கிடைக்காது, வெளி முகம் காயும். தரையில மட்டமா மூணு ரீப்பர் போட்டு, மேலும் கீழும் ஒரு அடி விட்டு ஒன்னு, நடுவுல ஒன்னு, அது மேல படுக்க வைக்கணும். மேல் முகத்தையும் ஒரு பழைய அட்டை போட்டு மூடிருங்க. செவுத்துப் பூச்சும் தரையும் ஈரமா இருக்குற வீட்டுக்குள்ள கதவைக் கொண்டு வராதீங்க, பூச்சு காஞ்ச பிறகு கொண்டு வந்து ஒரு வாரம் அந்த வீட்டுக் காத்துக்கு பழக விட்டு மாட்டுங்க. ஏழடி கதவுக்கு ரெண்டு கீல் பத்தாது, மூணு கண்டிப்பா, மூணாவது சரியா நடுவுல, கீல் பக்கம் வயிறு தள்ளாம புடிச்சுக்கறது அதுதான். லாக் பக்கத்தை அது புடிக்காது, அங்க காப்பாத்துறது பூச்சு மட்டும்தான்.

வளைஞ்ச பாத்ரூம் கதவைக் கழட்டி, ஹால்ல ரீப்பர் மேல வயிறு மேல பாக்குற மாதிரி படுக்க வச்சு, ரெண்டு நுனிக்கு மட்டும் ரீப்பர் குடுத்து நடுவுல டைல்ஸ் பெட்டி ரெண்டு ஏத்தி வச்சோம். நேர் வெயில் படாம, காத்தோட்டமா. மூணு வாரம் கழிச்சு நூல் புடிச்சப்ப மூணு நூல் ஒரு நூலா கொறஞ்சிருந்துச்சு. எல்லா கதவும் இப்படி திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன், ப்ளை உள்ளயே விட்டுருச்சுன்னா, விரலால தட்டுனா டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் கேக்கும், அதை நேராக்க முடியாது, மாத்தணும். இந்தக் கதவுல அந்தச் சத்தம் கேக்கல. பழைய பெயின்டை சுரண்டி பாத்ரூம் பக்கமும் லாமினேட் ஒட்டி, அடியும் மேலும் லாக் ஓட்டையும் பூசி, லாக்கோட ஸ்ட்ரைக்கர் தகட்டை ஒரு நூல் பாத்ரூம் பக்கமா நகத்தி மாட்டுனோம். தை மாசம் போனப்ப ஒத்த விரல்ல தள்ளுனேன், டக்குன்னு லாக் விழுந்துச்சு, ஸ்பேசரை சொருகிப் பாத்தேன், மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி போச்சு.